பதிவு இருப்பதாலேயே காலவரிசை வந்துவிடாது

சர்வர் விழுந்தாலும் ஆலையில் விபத்து நேர்ந்தாலும், அதைச் சமாளிக்கக் கூடியவர்களின் அழைப்பு பதிவாகியிருந்தால் பிந்தைய ஆய்வுக்கான வேலை பாதி முடிந்ததாகப் பலர் நம்புகிறார்கள். பேச்சை எழுத்தாக்கி, ஒவ்வொரு வரிக்கும் பதிவின் நேரத்தை இட்டால் அதுவே காலவரிசை என்பது அவர்கள் வாதம். இது தவறு. பதிவு காட்டுவது யார் எப்போது வாய் திறந்தார்கள் என்பதை மட்டும்தான். எது எப்போது நடந்தது, எது எப்போது தீர்மானமானது என்பவை வேறு கேள்விகள். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் பேச்சும் கலத்தின் அளவீடுகளும் தனித்தனியே பதிவாயின. இரண்டையும் அருகருகே வைத்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

நிகழ்ந்த நேரமும் சொன்ன நேரமும் ஒன்றே என்பது முதல் நம்பிக்கை. ஏவப்பட்டு 55 மணி 54 நிமிடம் 53 விநாடி ஆனபோது கலத்திலிருந்து வந்த அளவீடுகள் 1.8 விநாடி அறுந்துபோயின. சிக்கல் நேர்ந்திருக்கிறது என்று கலத்திலிருந்த வீரர் ஸ்வைகர்ட் அறிவித்தது 55:55:20-இல், அதாவது 27 விநாடி கழித்து. கலம் அப்போது மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்ததால் அவர் குரல் தரையை எட்டவே ஒரு விநாடி ஆனது. ஆனால் உண்மையான தொடக்கம் இவை இரண்டுக்கும் முந்தையது. இரண்டாம் எண் ஆக்சிஜன் தொட்டியின் அழுத்தம் 55:53:36-இலேயே ஏறத் தொடங்கியிருந்ததை அளவீடுகள் காட்டின. ஹைட்ரஜன் தொட்டியின் தாழ்வழுத்த எச்சரிக்கை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததால், ஆக்சிஜன் அழுத்தம் எகிறியபோது புதிய எச்சரிக்கை ஒலிக்கவில்லை. யாரும் கவனிக்காததால் யாரும் பேசவில்லை. பேச்சை மட்டும் எழுத்தாக்குபவரின் காலவரிசையில் அந்த 77 விநாடிகளுக்கு இடமே இருக்காது. காரணம் இருப்பதோ அங்கேதான்.

தீர்மானம் காதில் விழும் என்பது அடுத்த நம்பிக்கை. மூன்றாம் எரிபொருள் கலத்துக்கு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் செல்லும் வால்வுகளை மூடச் சொன்னதை எடுத்துக்கொள்வோம். மூடினால் மீண்டும் திறக்க முடியாது. நிலவில் இறங்குவதையும் கைவிட வேண்டும். மின்சாரப் பொறுப்பாளர் லீபர்காட் பரிந்துரைத்தார். பறப்பு இயக்குநர் கிரான்ஸ் கேள்வி கேட்டு ஒப்புக்கொண்டார். தொடர்பாளர் லவுஸ்மா கலத்துக்குச் சொன்னார். சரியாகத்தான் கேட்டதா என்று வீரர்கள் திரும்பக் கேட்டு உறுதிசெய்த பிறகே வால்வுகள் மூடப்பட்டன. முன்மொழிவு, ஒப்புதல், அறிவிப்பு, செயல் என நான்கு நேரங்கள். ஒன்றை மட்டும் எடுத்து ‘தீர்மானம்’ என்று எழுதினால் தாமதம் எங்கே ஏற்பட்டது என்பது மறைந்துவிடும். இந்த உரையாடல் ஒரே இணைப்பிலும் நடக்கவில்லை. கட்டுப்பாட்டாளர்கள் இயக்குநரோடு பேசியது கலத்துக்குக் கேட்காது. பொறுப்பாளர்கள் தம் பின்னறை நிபுணர்களுடன் பேசியதும் தனி இணைப்பில்தான். இன்றைய அழைப்பிலும் ஒருவர் ஒலியை நிறுத்திவிட்டுச் சக ஊழியரிடம் தனியே கேட்டிருப்பார். அந்தத் தனிச்செய்தி கிடைக்கும்வரை அவர் திடீரென்று முடிவெடுத்ததுபோல்தான் பதிவில் தோன்றும்.

அப்படியானால் பதிவே வேண்டாம், அளவீடும் லாகும் போதுமே என்று சிலர் கேட்பார்கள். இதையும் நான் மறுக்கிறேன். வெடித்த சிறிது நேரத்தில் லீபர்காட் இது அளவுக் கருவிகளின் கோளாறாக இருக்கலாம் என்றார். அந்த நம்பிக்கை எந்த அளவீட்டிலும் இல்லை, குரலில் மட்டுமே இருக்கிறது. கலத்திலிருந்து ஏதோ வெளியேறுவதாக வீரர் லவல் சொன்னது 56:09:07-இல். இடைப்பட்ட 14 நிமிடங்களைக் கருவித் தரவு மட்டும் வைத்துப் படித்தால், எல்லாம் கண்முன் இருந்தும் அசையாமல் இருந்த அறையாகத் தெரியும். பல அளவுகள் ஒரே நேரத்தில் நம்பமுடியாதபடி மாறும்போது கருவியைச் சந்தேகிப்பது நியாயமே. அதைச் சொல்லாத காலவரிசை அந்த மனிதர்களுக்கு அநீதி செய்கிறது.

ஆகவே முதலில் கடிகாரங்களைப் பொருத்த வேண்டும். பதிவிலும் லாகிலும் ஐயமின்றித் தெரியும் ஒரே நிகழ்வைத் தொடக்கத்தில் ஒன்றும் இறுதியில் ஒன்றுமாகக் கண்டுபிடித்து, வித்தியாசத்தைக் கணக்கிடலாம். இரண்டு வித்தியாசங்களும் ஒத்துவராவிட்டால் பதிவு நடுவில் நின்றிருக்கிறது அல்லது ஒரு கடிகாரம் பிசகியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு வரிக்கும் நேரத்துடன் அது எந்த மூலத்திலிருந்து வந்தது, நடந்ததா, கவனிக்கப்பட்டதா, நம்பப்பட்டதா, தீர்மானிக்கப்பட்டதா என்பதையும் எழுத வேண்டும். இதற்கெல்லாம் நேரம் இல்லை என்பது உண்மையான தடை. மூன்று மணி நேர அழைப்பை முழுக்க இப்படிப் பிரிக்கத் தேவையில்லை. திரும்பப்பெற முடியாத ஒவ்வொரு செயலையும் முதலில் குறித்து, அதற்கு முந்தைய சில நிமிடங்களை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை கேட்டால் போதும். அந்த நிமிடங்களில் மௌனம் நீண்டால் அதையும் ஒரு வரியாக எழுதி, நேரத்தைக் குறித்து, அங்கே இருந்தவரிடம் அப்போது எந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் நினைவிலிருந்து சொல்வதை நினைவு என்றே குறிக்க வேண்டும், லாகின் நேரத்தோடு கலக்கக்கூடாது.