‘ஐந்து விழுக்காடு மட்டும்’ என்னும் சொல்லின் மோசடி

மாணவர் தொழில் திட்டங்களில் மிகுதியாகப் பொய் சொல்லும் சொல் ‘மட்டும்’. சித்தூர் மாவட்டத்துக் கிளிமூக்கு மாம்பழக் கூழில் சாறு தயாரித்து, 200 மி.லி. பிளாஸ்டிக் புட்டியில் இருபது ரூபாய்க்குத் திருப்பதியில் விற்கும் ஒரு திட்டத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். திருமலைக்கு நாள்தோறும் சுமார் எழுபதாயிரம் பேர், ஆண்டுக்கு இரண்டரைக் கோடிப் பேர். அவர்களில் ‘ஐந்து விழுக்காட்டினர் மட்டும்’ ஒரு புட்டி வாங்கினாலே பன்னிரண்டரை இலட்சம் புட்டிகள், இரண்டரைக் கோடி ரூபாய். அவையில் கைதட்டல் எழும். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. மேலிருந்து கீழாகக் கணக்கிடும் முறையின் தேர்ந்த வடிவம் இதுவே என்று வகுப்பறைகள் நம்புகின்றன.

அந்த எழுபதாயிரம், தரிசனம் செய்தோரின் எண்ணிக்கை. சாறு வாங்குவோரின் எண்ணிக்கை அன்று. ஆண்டுக்கு மூன்று முறை வருபவர் மூவராக எண்ணப்படுகிறார். மலைமேல் பிளாஸ்டிக் புட்டிக்குத் தடை. வரிசையில் காத்திருப்போருக்குத் தேவஸ்தானமே உணவும் பாலும் இலவசமாகத் தருகிறது. ஆகவே அந்தப் புட்டிக்குரிய சந்தை மலையடிவாரத்தில்தான்: பேருந்து நிலையம், ரயில் நிலையம், அலிபிரி.

கீழிருந்து மேலாக எண்ணினால் கதை மாறும். ஒரு கடையில் நாளுக்குப் பன்னிரண்டு புட்டி விற்குமென்று கொண்டால், நாற்பது கடைகளில் 480. ஆண்டில் முந்நூறு நாள் விற்பனை நடந்தால் 1,44,000 புட்டிகள், 28.8 இலட்சம் ரூபாய். முன்னதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு.

‘இரண்டில் எது சரி?’ என்பது சோம்பேறிக் கேள்வி. முதல் எண்ணை இரண்டாம் கணக்கின் மொழிக்குப் பெயர்த்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டரை இலட்சம் புட்டிகளை அதே முந்நூறு நாளில் விற்க, நாளுக்குச் சுமார் 4,170 புட்டிகள் போக வேண்டும். அதாவது ஏறக்குறைய 350 கடைகள். ‘ஐந்து விழுக்காடு மட்டும்’ என்ற அடக்கமான சொல்லுக்குள் ஒளிந்திருந்தவை அந்த 350 கடைகளே. அவற்றுக்கு அன்றாடம் சரக்கு கொண்டுசெல்லும் வண்டி எது? குளிர்பெட்டியை இலவசமாகக் கொடுத்த பெரிய நிறுவனம், அதில் வேறொருவர் புட்டியை வைக்க இடம் தருமா?

அந்தப் பன்னிரண்டும் வானத்திலிருந்து விழக்கூடாது. கடைக்காரரிடம் ‘எவ்வளவு விற்கும்?’ என்று கேட்டால் நல்ல மனிதர் பெரிதாகவே சொல்வார். இப்போது விற்கும் மாஞ்சாறு வாரத்துக்கு எத்தனை பெட்டி இறங்குகிறது என்று கொள்முதல் ரசீதில் பார்ப்பதே முறை. அதுவும் மே மாதத்தில் மட்டும் பார்த்தால் போதாது. மழைக்காலத்திலும் போக வேண்டும். இதைச் செய்யாமல் பன்னிரண்டு என எழுதுபவர், மேலிருந்து விழுந்த எண்ணையே கீழிருந்து எழுந்ததுபோல் வேடமிட்டுக் காட்டுகிறார்.

மதிப்பெண் இடும் பேராசிரியர்களோ பெரிய எண்ணுக்கே பரிசளிக்கிறார்கள். அவர்கள் அளிக்கும் மதிப்பெண்ணை நம்பித் தந்தையின் சேமிப்பை எந்திரத்தில் போடுகிற மாணவர், முதல் ஆண்டு முடிவில் எந்தக் கணக்கை யாரிடம் காட்டுவார்?