சட்டையைப் பெரிசா எடுங்க, கம்பைப் பெரிசா எடுக்காதீங்க



ஊரில் மீண்டும் சிலம்படி பழக்குகிறார்கள். சந்தோஷம். எங்கட வாப்பாமார் காலத்தில் கலியாண ஊர்வலத்திலும் பெருநாள் மைதானத்திலும் பார்த்த ஆட்டம், இடையில் கொஞ்சக் காலம் வயசாளிகளின் பேச்சில் மட்டும் இருந்தது. இப்ப பின்னேரத்தில் பத்துப் பன்னிரண்டு வயசுப் புள்ளைகள் கம்போடு நிற்கிறார்கள். நான் எழுத வந்தது அந்தக் கம்பைப் பற்றி மட்டும்தான்.

புள்ளைகளுக்குக் கம்பு வாங்க என்று பெற்றோரிடம் ஒரே தொகை வாங்கி, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஐந்தரை அடியில், தச்சுப் பட்டறையில் கடைந்த முதிரைக் கம்பு கொடுத்திருக்கிறார்கள். நாலரை அடிப் புள்ளைக்கும் அதுதான், அஞ்சே முக்கால் அடி இளைஞனுக்கும் அதுதான். கேட்டால் இரண்டு பதில் வருகிறது. ஒன்று, "வரிசையில நிக்கக்குள்ள ஒரே அளவா இருந்தாத்தான் சேர் வடிவு." மற்றது பெற்றோரே சொல்வது: "புள்ள வளருவான்தானே சேர், ரெண்டு வருசத்துக்குப் பாவிக்கலாம்." பாடசாலைச் சட்டையை ஒரு அளவு கூட்டித் தைக்கிற அதே கணக்கு. சட்டை பெரிசானால் கையை மடித்து விடலாம். கம்பை மடிக்க ஏலாது.

இது தவறு என்று சும்மா சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. கணக்காகவே பார்ப்போம்.

தனியாகச் சுழற்றிப் பழகுகிறவருக்கு அளவு என்பது பழைய அண்ணாவிமார் எல்லாரும் சொன்னதுதான்: செருப்பில்லாமல் நிமிர்ந்து நின்று, கம்பைக் காலடியில் ஊன்றினால் அது புருவத்துக்கும் நெற்றிக்கும் இடையில் வந்து நிற்க வேண்டும். நாலடி ஆறு அங்குலம், அதாவது 54 அங்குல உயரமுள்ள ஒரு புள்ளையை எடுப்போம். அவருடைய புருவம் கிட்டத்தட்ட 50 அங்குலத்தில் இருக்கும். அவருக்குரிய கம்பு 50 அங்குலம். கொடுத்திருப்பது 66. பதினாறு அங்குலம் கூட.

"பதினாறு அங்குலம் என்ன பெரிய விசயமா" என்பவர் இதைச் செய்து பார்க்கட்டும். அந்தப் புள்ளை கம்பின் நடுவைப் பிடித்து, கையை இடுப்பு மட்டத்தில் வைத்து, பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றட்டும். இடுப்பு மட்டம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 28 அங்குலம். 66 அங்குலக் கம்பின் பாதி 33. நுனி நிலத்தில் இடிக்கும். 50 அங்குலக் கம்பின் பாதி 25, தாராளமாகச் சுற்றும். நிலத்தில் இடிக்கக் கூடாது என்று புள்ளை தானாக என்ன செய்கிறார்? முழங்கையைத் தோளுக்கு உயர்த்துகிறார், இடுப்பைப் பின்னால் வளைக்கிறார். மணிக்கட்டால் சுற்ற வேண்டியதைத் தோளால் சுற்றுகிறார். மைதானத்துக்குப் போய் நின்று பாருங்கள், பாதிப் புள்ளைகளின் முழங்கை காதுப் பக்கம் நிற்கும். பழக்குகிறவர் "கையை இறக்கு, கையை இறக்கு" என்று சத்தம் போடுகிறார். கையை இறக்கினால் கம்பு மண்ணைக் கிளறும். பாவம், புள்ளை என்ன செய்வார்? அந்தப் பழக்கம் ஒரு முறை ஏறிவிட்டால், பின்னால் சரியான கம்பு கொடுத்தாலும் தோள் இறங்காது.

நீளத்தோடு விசயம் முடியவில்லை, பாரமும் இருக்கிறது. ஐந்தரை அடியில், ஒரு அங்குலத் தடிப்பில் முதிரைக் கம்பு முக்கால் கிலோவுக்குக் குறையாது. முதிரை தண்ணீரின் பாரத்துக்கு ரொம்பக் கிட்ட வருகிற மரம், தூக்கிப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். அதே புள்ளைக்கு 50 அங்குலத்தில், 20 மில்லிமீற்றர் தடிப்பில் பிரம்பு எடுத்தால் 220 கிராம் அளவில் வரும். பாரம் மூன்றரை மடங்கு வித்தியாசம். ஆனால் சுழற்றும்போது மணிக்கட்டில் விழுகிற சுமை பாரத்தோடு மட்டும் கூடுவதில்லை, நீளத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்குச் சடத்துவத் திருப்பம் ஞாபகம் இருக்கும். கணக்குப் போட்டால் அந்தப் பெரிய கம்பைச் சுழற்றத் தொடங்குவதும் நிறுத்துவதும் சின்னக் கம்பை விட ஏறத்தாழ ஆறு மடங்கு கஷ்டம். பத்து வயசு மணிக்கட்டுக்கு ஆறு மடங்கு! சுழற்சியை நிறுத்த முடியாத புள்ளையின் கம்பு பக்கத்தில் நிற்கிறவரின் பல்லில்தான் போய் நிற்கும்.

"முந்திய ஆக்கள் பாரமான கம்புதான் வீசினாங்க" என்று ஒரு காக்கா எனக்குச் சொன்னார். உண்மைதான். அவர்கள் வயலில் மண்வெட்டி பிடித்த, தோணி இழுத்த வளர்ந்த ஆண்கள். அதோடு அந்தப் பாரக் கம்பு அவர்களுடைய முதல் கம்பும் இல்லை. கைக்குப் பலம் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால், வளர்ந்தவர் தன் உயரத்துக்குரிய நீளத்திலேயே பாரமான மரத்தில் ஒன்று வைத்து, கொஞ்ச நேரம் மெதுவாகச் சுழற்றலாம். நீளத்தைக் கூட்டிப் பலம் சேர்ப்பது இல்லை. வளரும் புள்ளைக்கு அதுவும் தேவையில்லை.

இனி மரத்துக்கு வருவோம். இங்கேதான் பழக்கத்தின் நோக்கம் என்ன என்று முதலில் கேட்க வேண்டும்.

இரண்டு பேர் கம்போடு கம்பு அடித்துப் பழகுவதென்றால் பிரம்பைத் தவிர வேறொன்றையும் புள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். பிரம்பு உள்ளே கெட்டி, மூங்கிலைப் போல் குழாய் இல்லை. அடிபட்டு அடிபட்டுக் கெட்டுப்போகும்போது அது நுனியில் தும்பு தும்பாக விளக்குமாறு மாதிரி விரியும். கண்ணுக்குத் தெரியும், தூக்கிப் போடலாம். கடைந்த மரக் கம்பு அப்படிச் சொல்லிவிட்டு உடைவதில்லை. நேற்று வரை நன்றாக இருந்தது, இன்றைக்கு ஒரு அடியில் சாய்வாக முறிந்து, ஈட்டி முனை மாதிரி ஒரு துண்டு பறக்கும். காரணம் மரம் கெட்டது என்பதல்ல, பலகையிலிருந்து அறுத்த விதம். கம்பின் பக்கவாட்டைப் பாருங்கள். மரத்தின் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கம்போடு சேர்ந்தே ஓட வேண்டும். நடுவழியில் ரேகை சாய்ந்து பக்கத்தால் வெளியே போனால், அந்தச் சாய்விலேயே அது முறியும். வந்த கம்புகளில் நான் கையில் எடுத்துப் பார்த்த ஏழில் நாலில் ரேகை அப்படித்தான் வெளியே ஓடியிருந்தது. முதிரை தளபாடத்துக்கு அருமையான மரம். அதைக் கம்பாக்கிப் புள்ளைகளை மோதவிடுவது எனக்குப் புரியாத துணிச்சல்.

மரக் கம்புதான் வேண்டும் என்று நிற்கிற பெரியவர்களுக்கு எங்கட பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது: சவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. வெளிநாட்டு மர வியாபாரத்தில் இதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வந்தது. வளைந்து கொடுத்து நிமிர்கிற குணம் உள்ளதால் வண்டிக்கும் ஆயுதப் பிடிக்கும் தேடி எடுத்தார்கள். அதிலும் ரேகை பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கித்துள் உலக்கைக்கு நல்லது, உலக்கையாகவே இருக்கட்டும்.

தனியாகச் சுழற்றுவதுதான் நோக்கம் என்றால் மெல்லிய மூங்கிலும் நல்லது, லேசானது, கையில் துள்ளும். ஆனால் ஆற்றங்கரையில் நிற்கிற மஞ்சள் மூங்கிலை வெட்டி வந்து அன்றே புள்ளையிடம் கொடுப்பதல்ல வழி. அது பெருமூங்கில், உள்ளே வெறுங்குழாய். எங்களுக்கு வேண்டியது சுவர் தடித்த, ஓட்டை சின்னதான வகை. குறைந்தது மூன்று வருசம் முற்றியதாக இருக்க வேண்டும். பச்சையாக வெட்டியதை நிழலில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும், வெயிலில் போட்டால் நீளவாக்கில் வெடிக்கும். கணுக்களை உரசி மழுக்காவிட்டால் உள்ளங்கை கிழியும். காய்ந்ததைத் தட்டினால் கணீரென்று கேட்கும், வெடித்ததில் சத்தம் அடைத்துப்போகும். அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டினால் உளுத்துவிட்டது என்று அர்த்தம், அது விறகுக்குத்தான்.

பி.வி.சி. குழாயைப் பற்றியும் கேட்டார்கள். வெயிலில் கிடந்த குழாய் அடிபட்டால் சில்லுச் சில்லாக உடையும். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

பிரம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் பிரம்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கண்டிப் பக்கம் போகிற யாரிடமும் சொல்லி விடலாம். கதிரை பின்னுகிற உரித்த பிரம்பு வேண்டாம், தோலோடு உள்ள முழுப் பிரம்பு என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். கைக்கு எடுத்ததும் சீமெந்துத் தரையில் உருட்டிப் பாருங்கள், கோணல் இருந்தால் தட்டித் தட்டி உருளும். கொஞ்சக் கோணலை மெல்லிய நெருப்பில் வாட்டி நிமிர்த்தலாம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பஞ்சுப் பிரம்பு வேண்டாம். தடிப்புக்குப் புள்ளையின் கைதான் அளவு: இறுக்கிப் பிடித்தால் பெருவிரல் நடுவிரலின் மேல் ஏறி உட்கார வேண்டும், இரண்டும் தொடாமல் நின்றால் தடிப்புக் கூட. வீட்டில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், பிரம்பு அப்படியே வளைந்து நின்றுவிடும். படுக்க வையுங்கள், அல்லது ஒரு முனையில் கயிறு போட்டுத் தொங்கவிடுங்கள்.

"வளருவான்தானே" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. இந்த வயசில் புள்ளை வருசத்துக்கு இரண்டு அங்குலம் அளவில் வளரும். புருவத்துக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு எடுங்கள், தலை உச்சியைத் தாண்ட வேண்டாம். ஒன்றரை இரண்டு வருசம் ஓடும். பிறகு அந்தக் கம்பு தம்பிக்கு, அல்லது பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு. சின்ன முழுப் பிரம்பின் விலை கடைந்த முதிரையின் விலைக்குக் கிட்டவும் வராது. ஆகவே செலவைப் பற்றிய வாதம் எனக்குச் சொல்லப்பட்ட பக்கம் சாயவில்லை, மறுபக்கம் சாய்கிறது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்தரை அடி என்பது புருவ அளவில் பார்த்தால் அஞ்சடி பத்து அங்குல ஆளுக்குரியது. எங்கட ஊரில் அந்த உயரத்தில் எத்தனை பேர்? எதிராளியைத் தூர நிறுத்திப் பழகுகிற முதிர்ந்தவர்கள் தலைமட்டம் வரை எடுக்கலாம், அது அவர்கள் தெரிந்து செய்கிற தெரிவு. புள்ளைக்கு அந்தத் தெரிவை வரிசையின் வடிவுக்காக நாங்கள் செய்து கொடுக்க ஏலாது. வரிசை வடிவாக இருக்க வேண்டுமென்றால் புள்ளைகளை உயரப்படி நிறுத்துங்கள், கம்புகளின் நுனியும் படி படியாக ஏறும்.

ஒழுங்குபடுத்தியவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள், நல்ல நிய்யத்தோடு செய்தவர்கள். அதனால்தான் பெயர் போடவில்லை. இன்னும் கொடுக்காமல் இருக்கிற கம்புகளைப் பட்டறைக்குத் திருப்ப முடியுமானால் திருப்புங்கள். ஏலாதென்றால், ரேகை நேராக உள்ளவற்றை ஒவ்வொரு புள்ளையின் புருவத்துக்கும் அறுத்து, முனையை உருட்டி உரசி, தனியாகச் சுழற்ற மட்டும் கொடுங்கள். பாரம் அப்போதும் கூடத்தான், ஆகவே முதல் மாதங்களில் கொஞ்ச நேரம் மட்டும். ரேகை வெளியே ஓடியவற்றை யார் கையிலும் கொடுக்காதீர்கள், பந்தல் காலுக்கு ஆகும். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் அளவு நாடாவோடு மைதானத்துக்கு வருவேன், இன்ஷா அல்லாஹ். புள்ளையைச் செருப்பைக் கழற்றி நிற்கச் சொல்லுங்கள்.