காத்திருக்கக்கூடிய வசதியை மட்டும் பிரித்தெடுங்கள்

வங்கிச் செயலியைத் திறக்கும் பெரும்பாலோருக்கு வேண்டியவை இரண்டுதான்: இருப்பைப் பார்க்க வேண்டும், பணம் அனுப்ப வேண்டும். ஆனால், அதே செயலிக்குள் வீடியோ கேஒய்சி என்ற வசதியும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்த இந்த முறையில், கணக்கு தொடங்குபவர் வங்கி அலுவலருடன் வீடியோவில் பேசி, பான் அட்டையைக் காட்டி, தன் அடையாளத்தை உறுதிப்படுத்துகிறார். கிளையிலேயே கணக்கு தொடங்கியவருக்கு இது தேவையே இல்லை. மற்றவர்களுக்கும் ஒருமுறை முடிந்தால் நெடுநாள் தேவைப்படாது. ஆனாலும், வீடியோ அழைப்புக்கான கனமான நிரல்தொகுப்பை எல்லோரும் முதல் நாளே பதிவிறக்கம் செய்கிறார்கள்.

இதைத் தவிர்க்க ஆண்ட்ராய்டில் வழி இருக்கிறது. 2018இல் கூகுள் அறிமுகப்படுத்திய ‘ஆப் பண்டில்’ முறையில் ஒரு செயலியை அடிப்படைப் பகுதியாகவும் தனித்தனி மாட்யூல்களாகவும் பிரிக்கலாம். அடிப்படைப் பகுதி முதலில் இறங்கும். மாட்யூல், கேட்கும்போது பிளே ஸ்டோரிலிருந்து வரும். 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் புதிய செயலிகளுக்கு இந்த வடிவமே கட்டாயம். ஆனால், மாட்யூலாகப் பிரிப்பதா வேண்டாமா என்பது செயலியை உருவாக்குபவரின் முடிவு.

எவ்வளவு மிச்சம்?

ஒரு செயலி 40 எம்பி, அதில் வீடியோ கேஒய்சி மட்டும் 14 எம்பி என்று வைத்துக்கொள்வோம். பிரித்தால் முதல் பதிவிறக்கம் 26 எம்பி ஆகிவிடும். செயலியின் அளவு 6 எம்பி கூடும்போது நிறுவுவோர் விகிதம் 1% குறைகிறது என்று 2017இல் கூகுள் பிளே குழு கணக்கு சொன்னது. அதன்படி பார்த்தால், இந்த ஒரு பிரிப்பால் கிடைப்பது 2 சதவீதத்துக்குச் சற்று மேல்.

ஆனால், காத்திருப்பு மறைந்துவிடுவதில்லை. வேறு நேரத்துக்குத் தள்ளிப்போகிறது. அந்த நேரம் எது என்பதில்தான் வடிவமைப்பின் வெற்றி இருக்கிறது. ‘வீடியோ அழைப்பைத் தொடங்கு’ என்ற பொத்தானை அழுத்திய பிறகு பதிவிறக்கத்தைத் தொடங்குவது தவறு. பெயரையும் முகவரியையும் நிரப்பும் படிவம் திறந்ததுமே தொடங்கிவிட்டால், படிவம் முடிவதற்குள் மாட்யூல் வந்து சேர வாய்ப்பு அதிகம். சரிபார்ப்பு முடிந்த பின் அதை நீக்கவும் கோரலாம். கைபேசி பின்னணியில் அதைச் செய்துகொள்ளும்.

அரிது என்பது மட்டும் போதாது

பல நிறுவனங்கள் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தைப் பார்த்து, யாரும் அதிகம் தொடாதவற்றையெல்லாம் வெளியே தள்ள நினைக்கின்றன. இதை ஏற்க முடியாது. தொலைந்த அட்டையை முடக்கும் வசதியை வாழ்நாளில் ஓரிரு முறைதான் தொடுவோம். ஆனால் தொடும்போது ரயிலில் இருப்போம், சிக்னல் விட்டுவிட்டு வரும், பதற்றம் வேறு. அந்த நிமிடத்தில் ‘பதிவிறக்கம் ஆகிறது’ என்ற திரை வரவே கூடாது. அந்த வசதியின் நிரலும் சிறியது. பிரிப்பதால் மிச்சமாவது மிகக் குறைவு. வீடியோ கேஒய்சியின் நிலை வேறு: அதற்கு எப்படியும் நல்ல இணைப்பு வேண்டும், அவசரமும் இல்லை, கனமும் அதிகம். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே பிரிக்கலாம்.

எங்கே தவறுகிறது?

முதல் தவறு, பிரித்த பிறகும் அளவு குறையாதது. அடிப்படைப் பகுதியின் ஏதோ ஒரு மூலை அதே வீடியோ நிரல்தொகுப்பைச் சார்ந்திருந்தால், அது அங்கேயே தங்கிவிடும். மாட்யூல் வெறும் கூடாக மிஞ்சும். `bundletool get-size total` கட்டளையால் பிரிப்பதற்கு முன்பும் பின்பும் அளந்தால் இது தெரிந்துவிடும்.

இரண்டாவது, சோதனை. உருவாக்குபவரின் கணினியிலிருந்து நேரடியாக நிறுவும்போது, வழக்கமாக எல்லா மாட்யூல்களும் சேர்ந்தே இறங்கிவிடுகின்றன. அதனால் அலுவலகத்தில் ஒழுங்காக ஓடும் செயலி வாடிக்கையாளர் கையில் நின்றுபோகிறது. இணைப்பு அறுந்தால், கைபேசியில் இடம் இல்லாவிட்டால், பயனர் பாதியில் ரத்து செய்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, பிளே ஸ்டோர் வழியாக வராத செயலி. நண்பரின் கைபேசியிலிருந்து பகிர்ந்து நிறுவிய செயலிக்கு, மாட்யூலை அனுப்ப பிளே ஸ்டோர் மறுத்துவிடலாம். அப்போது `APP_NOT_OWNED` என்ற பிழை வரலாம். அந்தப் பிழையை அப்படியே காட்டாமல், பிளே ஸ்டோரிலிருந்து நிறுவும்படியோ அருகிலுள்ள கிளைக்குச் செல்லும்படியோ தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

குறைந்த சேமிப்பிடமும் அளந்து செலவிடும் டேட்டாவும் உள்ளவர்களுக்கு முதல் பதிவிறக்கத்தைச் சிறிதாக்குவது நியாயமான உதவி. ஆனால், எதைப் பிரிப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் ‘எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?’ என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. ‘தேவைப்படும் நேரத்தில் அவர்களால் காத்திருக்க முடியுமா?’ என்றும் கேளுங்கள். முடியாது என்பது பதிலானால், அந்த வசதி முதல் பதிவிறக்கத்திலேயே இருக்கட்டும்.