வெள்ளிக்கிழமையில் மீன் வெடுக்கு

மட்டக்களப்பு வாவிக்கரையிற் குடியிருப்போர்க்கு மீன் வாடை புதிதன்று. விடியற்காலையில் தோணிகள் கரைசேரும் வேளையில் அது காற்றோடு வந்து வீட்டினுள்ளும் புகும், எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, சென்ற மாரி காலத்தில் நம் சமையலறையில் நான்கைந்து நாட்களாக மெல்லிய வெடுக்கு ஒன்று வீசியபோது நாமும் அதனைப் பொருட்படுத்தவில்லை. மனைவியார் குப்பைக் கூடையை இருமுறை கழுவினார். அயல்வீட்டுப் பூனை மீதும் பழி விழுந்தது.

உண்மையைத் தொட்டவர் மாமியார். வெள்ளிக்கிழமை காலையில் தேநீருக்காகக் காத்திருந்தவர், "மருமகன், வெள்ளிக்கிழமையும் அதுவுமா நம்மட வீட்டுல மீன் வெடுக்கு எங்க இருந்து வருது?" என்று கேட்டார். வெள்ளியன்று நம் வீட்டு வாசற்படியை மீன் தாண்டுவதில்லை. முதல் நாளும் மரக்கறியே. அப்பொழுதுதான் மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. கேத்தல் கொதிக்கும் வேளையிலேயே வெடுக்கு எழுகின்றது. சற்று நேரத்தில் தானே மறைகின்றது.

கேத்தலை நகர்த்திப் பார்த்தோம். சுவரிலிருந்த வெண்ணிறக் குதையில், செருகி நுழையும் துளையொன்றைச் சுற்றித் தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு நிறம் படிந்திருந்தது. உடனே செருகியைப் பிடித்து இழுத்தோம். அது பிழை. பெருவிரலிற் கொப்புளம் எழுந்து ஒரு வாரம் எழுதுகோல் பிடிக்க இயலாமற் செய்தது. கல்லூரியில் ஆண்டுதோறும் மின்னோட்டத்தின் வெப்ப விளைவைக் கற்பிக்கும் நமக்கு இது நேர்ந்தது என்பதை மாணவ நேயர்கள் கவனிப்பார்களாக!

நடந்தது இதுதான். நம் கேத்தல் 2000 வாற்று வலுவுடையது. 230 வோல்ட்டு மின்னிணைப்பில் அது சுமார் 8.7 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். செருகியின் பித்தளை முள்ளைக் குதையினுள் இருக்கும் பித்தளைத் தகடு இறுகப் பற்றியிருக்கும்வரை தொல்லையில்லை. பல்லாண்டுகள் செருகிச் செருகி எடுத்ததால் அத்தகடு தளர்ந்துவிட்டது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள நம் பகுதியின் உப்பீரக் காற்று அதன்மேற் களிம்பு ஏற்றிவிட்டது. அவ்விடத்தில் ஓர் ஓமின் மூன்றிலொரு பங்கு தடை தோன்றியது என்று கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் 25 வாற்று வருகின்றது. வானொலி திருத்துவோர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சிறிய பற்றாசுக் கோலின் வலு அவ்வளவே. அப்படியொரு கோல், கேத்தல் கொதிக்கும் நேரமெல்லாம் சுவருக்குள் சூடேறிக்கொண்டிருந்தது.

இனி, வாசகர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. வீட்டிலே உருகி உண்டு, சுற்றுடைப்பான் உண்டு, 'ட்ரிப் சுவிச்சு' என்று நாம் அழைக்கும் காவற்கருவியும் உண்டு. இவை ஏன் வாளாவிருந்தன? உருகியும் சுற்றுடைப்பானும் மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினாற்றான் தடுக்கும். இங்கே அது மிஞ்சவில்லை. புதிய தடையால் மிகச் சிறிது குறைந்தேயிருந்தது. ட்ரிப் சுவிச்சோ, போகும் மின்னோட்டமும் மீளும் மின்னோட்டமும் சமமா என்று பார்ப்பது. இங்கே மின் எங்கும் கசியவில்லை. ஆகையால் அதற்கும் குறை தெரியாது. கேத்தலும் வழக்கம்போலவே கொதித்தது. இவ்வகைப் பழுதை முதலில் அறியக்கூடியது மூக்கு ஒன்றே.

மூக்குக்குக் கிட்டும் வாடை பொருளுக்கேற்ப வேறுபடும். குதைகளும் ஆளிகளும் பெரும்பாலும் யூரியா போமல்டிகைட்டு என்னும் பிசினால் வார்க்கப்படுவன. அது மிகையாகச் சூடேறும்போது அமீன் வகை வாயுக்கள் வெளிப்படும். பழைய மீனின் நாற்றத்துக்குக் காரணமானதும் ஓர் அமீனே. ஆகவே மாமியாரின் மூக்கு பொய் சொல்லவில்லை. கம்பியைப் போர்த்திருக்கும் பீ.வீ.சீ. உறை கருகினால் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் காரமான நெடி எழும். பிளாஸ்டிக்கு உருகும் வாடை எல்லோரும் அறிந்ததே. எவ்வாடையாயினும், கருகிய உறை கரியாக மாறியபின் அக்கரியே மின்னைக் கடத்தத் தொடங்கும், பொறி பறக்கும், தீ மூளும்.

வாடை தெரிந்தவுடன் செய்யவேண்டியது யாது? கருவி எது என்று தெரிந்தால் சுவரிலுள்ள ஆளியை நிறுத்துக. ஆளியோ குதையோ சூடாகவோ நிறம் மாறியோ இருந்தாலும், 'சர்' என்ற ஒலி கேட்டாலும், அதனைத் தொடாமல் நேரே மின்மானிப் பலகைக்குச் சென்று பிரதான ஆளியை நிறுத்துக. வாடை எங்கிருந்து வருகின்றது என்று தெரியாதபோதும் இதுவே முறை, தேடுதல் பிறகு. சூடான செருகியை நம்மைப்போல் இழுக்கற்க. மின் நின்று அது ஆறியபின் எடுக்கலாம். தண்ணீர் ஊற்றலாகாது. மின்னை நிறுத்திய பின்னரும் அரைமணி நேரம் அவ்விடத்தைக் கவனித்திருத்தல் வேண்டும். சுவருக்குள் உள்ள சூடு உடனே தணியாது. புகையோ சுவாலையோ கண்டால் வீட்டாரையெல்லாம் வெளியேற்றி, கதவைச் சாத்தி, 110 என்னும் எண்ணில் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும்.

தேடும்போது ஒரு சங்கடம் உண்டு. ஒரே வாடையைச் சில நிமிடங்கள் முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். 'போய்விட்டது' என்று நினைப்போம். முற்றத்திற் சிறிது நேரம் நின்றுவிட்டு மீண்டும் உள்ளே வந்தாற் புலப்படும். அல்லது அயலிலிருந்து ஒருவரை அழைத்து முகரச் சொல்லலாம்.

உறக்கத்தில் மூக்கும் உறங்குகின்றது. வாடை நம்மை எழுப்பும் என்று நம்பியிருக்க இயலாது. 2017 ஆனி 14ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குச் சற்று முன், இலண்டன் கிரென்பெல் மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடி வீடொன்றில், குளிர்சாதனப் பெட்டியில் மின் பழுது தீயாயிற்று. விசாரணையில் நிபுணர் ஒருவர், அப்பெட்டியினுள் சரியாக இறுகாத ஒரு சிறு கம்பி இணைப்புச் சூடேறியதே மூலமாக இருக்கலாம் என்றார். அவ்வீட்டில் உறங்கியவரை எழுப்பியது புகை உணரும் மணி. அவர் தீயணைப்புப் படையை அழைத்து, அயலாரை எழுப்பி, வெளியேறும்போது மின்னையும் நிறுத்தினார். தீ அப்பாற் பரவி 72 உயிர்களைக் கொண்டமைக்குக் காரணம் கட்டடத்தின் வெளிச்சுவரிற் பொருத்திய எளிதில் எரியும் பலகைகள். அது வேறு கதை. இரவெல்லாம் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் அத்தகைய மணி ஒன்று கூரையிலிருப்பது நன்று. மின்னேற்றும் கருவிகளைத் தலையணையருகே இரவு முழுவதும் விடுவதை நாம் நிறுத்திவிட்டோம்.

மறுநாள் மின்தொழிலாளர் வந்தார். "திருகாணியை இறுக்கிவிட்டால் போதாதா?" என்று கேட்டோம். "போதாது சேர், சூடுபட்ட தகடு இனிப் பிடிக்காது" என்றார். குதையை மட்டும் மாற்றுவோம் என்றோம், அதற்கும் இணங்கவில்லை. கருகிய முள்ளுள்ள பழைய செருகி, புதிய குதையையும் சில மாதங்களிற் கெடுத்துவிடுமாம். அவர் கூற்று சரியே. குதை, செருகி இரண்டையும் மாற்றி, சுவர்க்கம்பியில் விறைத்துப்போன நுனியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை உரித்துப் பொருத்தினார். பழைய வட்டமுள் குதையொன்றிற் சதுரமுள் செருகியை ஏற்ற நாம் வைத்திருந்த இடைச்செருகியையும் கழற்றிக் கையில் தந்தார். அதன் உட்புறமும் பழுத்திருந்தது.

பழைய குதை இப்பொழுது நம் ஆய்வுகூட மேசையில் இருக்கின்றது. சென்ற கிழமை அதனை முகர்ந்து பார்த்த மாணவன் ஒருவன், "சேர், இது கருவாடா?" என்றான்.