நாலு நிமிஷத்தில் ஒரு பாட்டி

உங்க பங்கில் ஒருத்தர் இறந்துட்டா, முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு வாரம் முன்னாடி பங்குத்தந்தை யாரைத் தேடுவார் தெரியுமா? லேப்டாப் வெச்சிருக்கிற காலேஜ் பையனை. இல்லேன்னா, போன வருஷம் கிறிஸ்துமஸ் விழாவை எடிட் பண்ணிக் கொடுத்த பொண்ணை. "தம்பி, ஒரு நினைவு வீடியோ போட்டுடலாமா?"ன்னு கேட்டதும் தலையாட்டிடுவீங்க. வீட்டுக்கு வந்து அறுபது போட்டோவைக் காப்பி பண்ணி, சோகமா ஒரு புல்லாங்குழலைக் கீழே ஓடவிட்டா வேலை முடிஞ்சதுன்னு தோணும்.

முடியலை. அந்த ஹாலில் முன் வரிசையில் உட்காரப் போறது இறந்தவரோட மகளும் தம்பியும். அவங்களுக்குத் தெரிஞ்ச முகத்தைத்தான் நீங்க பெரிசாக் காட்டப் போறீங்க. அதனால கம்ப்யூட்டரைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரை எடுங்க. முதல்ல ஸ்கிரிப்ட்.

சும்மா பொதுவாப் பேசாம, ஒரு உதாரணத்தோட போவோம். மண்ணாடிப்பட்டு கொம்யூனில், திருக்கனூர் பக்கம் ஒரு சின்ன கிராமம்னு வெச்சுக்குங்க. எண்பது வயசை ஒட்டிய ஒரு பாட்டி இறந்துட்டாங்க. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவங்க. கோயிலில் எந்தப் பதவியும் கிடையாது. ஆனா ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல்ல ஜெபமாலை தொடங்கறது அவங்க குரல்தான். ஊரே 'ஜெபமாலைப் பாட்டி'ன்னுதான் கூப்பிடும். இவங்களுக்கு நாலு நிமிஷ வீடியோ எழுதணும்.

முதல் கேள்வி: எங்கே போடப் போறோம்? பூசைக்கு நடுவில், பிரசங்கத்துக்குப் பதிலாப் போடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. கத்தோலிக்கத் திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிமுறைகளில் 382-வது எண் இதைத் தெளிவாவே சொல்லுது: அடக்கத் திருப்பலியில் வழக்கமா சின்னதா ஒரு மறையுரை இருக்கணும், இறந்தவரைப் புகழும் உரை கூடாது. பூசை இறந்தவருக்காக வேண்டறதுக்கு. அவரைப் பாராட்டறதுக்கு இல்லை. முப்பதாம் நாளுக்கும் இதே எண்ணத்தோட போறதுதான் நல்லது. பூசை முடிஞ்சு எல்லாரும் ஹாலுக்கோ வீட்டுப் பந்தலுக்கோ வந்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க.

ஸ்கிரிப்ட்டின் வார்த்தையையும் இது மாத்தும். 'பாட்டி இப்போது மோட்சத்தில் இருக்கிறார்'னு எழுதிட்டா, அப்புறம் அவங்களுக்காக எதுக்குப் பூசைன்னு கேள்வி வரும். 'இறைவனிடம் ஒப்படைக்கிறோம்'னு எழுதுங்க. பங்குத்தந்தையும் தலையாட்டுவார், வீட்டுக்காரங்களுக்கும் ஆறுதலா இருக்கும்.

அடுத்தது விவரம் சேர்க்கறது. வீட்டில் போய் "பாட்டி எப்படிப்பட்டவங்க?"ன்னு கேட்டீங்கன்னா, "ரொம்ப நல்லவங்க, பாசமானவங்க, பக்தியானவங்க"ன்னு பதில் வரும். பொய் இல்லைதான். ஆனா இதே மூணு வார்த்தையைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எந்த போட்டோவுக்குக் கீழே வேணாலும் போடலாம். அதனால கேள்வியை மாத்துங்க. "கடைசியா உங்க வீட்டுக்கு எப்போ வந்தாங்க? வந்து என்ன செஞ்சாங்க?" இப்படிக் கேட்டா பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவாங்க: "எங்க மாமனார் போனப்போ நடவு வயல்லேருந்து நேரா வந்தாங்க. பம்பு செட்டுல கால் கழுவின ஈரம்கூடக் காயலை." கிடைச்சாச்சு! இந்த ஈரக்கால்தான் உங்க ஸ்கிரிப்ட். இப்படி நாலஞ்சு வீட்டில் கேட்டு, அதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்குங்க. நாலு நிமிஷம் ஒரு முழு வாழ்க்கையைத் தாங்காது.

பிறந்த தேதியில் கவனமா இருங்க. ரேஷன் கார்டில் ஒரு வருஷம், ஆதாரில் ஒரு வருஷம், கல்லறையில் மூணாவதா ஒரு வருஷம் இருக்கலாம். நம்ம ஊருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறும் வரைக்கும் இங்கே பிரெஞ்சு நிர்வாகம். அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவுகள் பிரெஞ்சில் இருக்கும், பெயரின் எழுத்தும் பிரெஞ்சு உச்சரிப்பில் இருக்கும். தமிழில் திருப்பும்போது பெயரே மாறிப் போகும். அதனால கோயிலில் இருக்கிற திருமுழுக்குப் பதிவேட்டைப் பாருங்க. தேதி, அப்பா அம்மா பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். நம்ம கொம்யூன் எல்லை தெரியுமில்ல, நாலு கிலோமீட்டர் போனா தமிழ்நாடு, திரும்பினா புதுச்சேரி. பாட்டி பிறந்த ஊர் விழுப்புரம் மாவட்டப் பக்கம் இருந்தா, பதிவேடு அந்தப் பங்கில் இருக்கும். கவலை வேண்டாம், அந்தப் பக்கமும் அதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம்தான். பங்குத்தந்தை ஒரு போன் போட்டா போதும். அப்படியும் தேதி பிடிபடலையா? 'எண்பது ஆண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர்'னு எழுதிடுங்க. தேதியைத் தப்பாப் போடறதைவிட இது மரியாதை.

இப்ப எழுதலாம். பேப்பரை ரெண்டாப் பிரிச்சு, இடது பக்கம் திரையில் தெரியறது, வலது பக்கம் காதில் கேட்கறதுன்னு கோடு போடுங்க. நிறுத்தி நிதானமா வாசிச்சா, தமிழில் ஒரு நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு வார்த்தைதான் போகும். நாலு நிமிஷமும் பேசிக்கிட்டே இருக்கவும் கூடாது. அதனால மொத்தம் இருநூறு வார்த்தைக்குள்ள எழுதி, சத்தமா வாசிச்சு செல்போனில் நேரம் பாருங்க.

முதல் இருபது விநாடி பேச்சே வேண்டாம். விடியற்காலைக் கோயில் முகப்பு, கோயில் மணி ஓசை, அவ்வளவுதான். அடுத்து பாட்டியோட ஒரு நல்ல படம். கீழே முழுப் பெயர், ஊர், ஆண்டு. முழுப் பெயரை இங்கே ஒரு தடவை காட்டினா போதும். அதுக்கப்புறம் ஊர் கூப்பிட்ட பெயர்தான். குரல் இப்படி ஆரம்பிக்கட்டும்:

"நம்ம ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால், சேதி தெரிந்த கொஞ்ச நேரத்தில் ஜெபமாலைப் பாட்டி அங்கே இருப்பார். நடவு நாளாக இருந்தால் ஈரக்காலோடு வருவார். நாற்காலி கேட்க மாட்டார். சுவரோரம் உட்கார்ந்து ஜெபமாலையை எடுப்பார். அழுகிறவர்களை அழாதே என்று அவர் சொன்னதில்லை. முதல் மணியை அவர் தனியாகச் சொல்வார். பத்தாவது மணிக்குள் வீடே சேர்ந்து சொல்லும்."

பார்த்தீங்களா, இதில் 'பக்தி', 'பாசம்'னு ஒரு வார்த்தைகூட இல்லை. ஹாலில் இருக்கிற ஒவ்வொருத்தரும் "ஆமா, எங்க வீட்டுக்கும் வந்தாங்க"ன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவாங்க. அதுக்கு இடம் விட்டு, அடுத்த பத்து விநாடி குரலை நிறுத்துங்க. போட்டோ மட்டும் ஓடட்டும்: வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவில் பேத்தியைத் தூக்கிக்கிட்டு, களத்து மேட்டில் தலையில் முண்டாசோட. ஒரு படத்துக்கு ஆறு விநாடி கொடுங்க. மூணு விநாடியில் ஓட்டினா, படத்தில் யார் யார்னு வயசானவங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துடும். மொத்தம் இருபத்தஞ்சு படம் போதும், அறுபது வேண்டாம். ஆஸ்பத்திரியில் ட்யூப் மாட்டின படம், பெட்டியில் வெச்ச படம் ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பேரப்பசங்க போனைத் தேடச் சொல்லுங்க. பாட்டி அனுப்பின ஒரு வாய்ஸ் மெசேஜ் எங்கேயாவது இருக்கும். "கண்ணு, ஞாயித்துக்கிழம வரியா?"ன்னு ஒரு பத்து விநாடி. ஆயிரம் வார்த்தை எழுதினாலும் அந்தப் பத்து விநாடிக்கு ஈடாகாது. ஆனா ஒரு நிபந்தனை. அதை முதல்ல மகளுக்குத் தனியாப் போட்டுக் காட்டி, "ஹாலில் போடலாமா?"ன்னு கேளுங்க. அந்தக் குரலைச் சபையில் திடீர்னு கேட்டு உடைஞ்சு போற நிலைமை அவங்களுக்கு வரக்கூடாது. வேணாம்னு சொன்னா, வேணாம்தான்.

கடைசியா ஒரு கண்ணிவெடி: குடும்பப் பெயர்ப் பட்டியல். பெரும்பாலும் சண்டை இங்கேதான் வரும். வேற மதத்தில் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போன ரெண்டாவது மகளை மூத்தவர், "போட வேணாம் தம்பி"ன்னு சொல்லலாம். ஒரு குரூப் போட்டோவில் அந்த மகளை மட்டும் வெட்டச் சொல்லலாம். வெட்டின இடம் திரையில் பளிச்சுனு தெரியும். பாக்கிப் பேர் எல்லாரையும் விட்டுட்டு ஊர் அந்த இடத்தையே பார்க்கும். நீங்க நீதிபதி இல்லை, தீர்ப்புச் சொல்லப் போகாதீங்க. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வயசு வரிசையில் எல்லாப் பிள்ளைகள் பெயரும். இல்லேன்னா, யார் பெயரும் இல்லாம 'மக்களும் பேரப்பிள்ளைகளும்'. இதில் எதுன்னு பங்குத்தந்தையை வெச்சு வீட்டில் கேட்டு முடிவு பண்ணுங்க. நடுவில் மூணாவது வழி கிடையாது.

முடிவு எப்படி? பெரும்பாலான வீடியோ 'கண்ணீருடன் விடை கொடுக்கிறோம்'னு எழுத்து மேலே ஏறி முடியும். நீங்க இப்படி எழுதுங்க. பாட்டி கையில் ஜெபமாலை இருக்கிற படம். குரல்: "எத்தனையோ வீடுகளில் முதல் மணியைச் சொன்னவர் இவர். இன்று இவருக்காக." அதோட திரை இருட்டு, இசையும் நிக்கணும். ஹாலில் பேத்தி எழுந்து முதல் மணியைத் தொடங்கணும். அவளுக்கு முன்னாடியே சொல்லி, மைக்கை ஆன் பண்ணிக் கையில் கொடுத்து வெச்சிருங்க.

அவ குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. பத்தாவது மணிக்குள்ள ஹாலே சேர்ந்துக்கும்.