கர்ப்பிணி அமர ஏற்ற கார் எது?

வீட்டில் ஒரு பெண் கருவுற்றதும் கார் வாங்க முற்படும் குடும்பத்தினர், பெரிய வண்டியே வசதியானது என்று நம்புகின்றனர். வண்டியின் பருமனைவிட இருக்கையின் உயரமே முதலில் கருதத்தக்கது என்பது எங்கள் கருத்து.

ராசிபுரத்திலிருந்து பரிசோதனைக்காகச் சேலம் வரும், ஐந்தடி உயரமுள்ள எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வயிற்றின் எடை முன்னோக்கி இழுக்கிறது. இடுப்பு மூட்டுகளும் தளர்ந்துள்ளன. தாழ்வான காரில் அவர் குனிந்து, ஏறத்தாழக் குந்தியே அமர வேண்டும். பொலீரோ போன்ற உயர்ந்த வண்டியிலோ ஒற்றைக் காலில் உடலைத் தாங்கி ஏற வேண்டும். இடுப்பு வலி மிகுவதும் கால் இடறுவதும் அப்போதுதான். வேகன் ஆர் போன்ற, கூரை உயர்ந்த சிறிய கார்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. கதவைத் திறந்து, இருக்கைக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் பட்டால் உயரம் பொருத்தமானது. முதலில் அமர்ந்து, பின் இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பினால் போதும்.

அடுத்தது சீட் பெல்ட். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேற்பட்டை மார்பின் நடுவே இறங்கி, வயிற்றின் பக்கவாட்டில் செல்ல வேண்டும். பட்டை வயிற்றின் மீது கிடந்தால், திடீரென பிரேக் பிடிக்கையில் விசை முழுவதும் கருப்பையின் மீது இறங்கும். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியவும் கூடும். வயிறு அழுந்துமென்று அஞ்சி பெல்ட்டைத் தவிர்ப்பது அதனினும் ஆபத்தானது. வாங்கும் முன் அவரையே அமர்த்தி பெல்ட்டை மாட்டிப் பாருங்கள். தடித்த சீட் கவர் கொக்கியைப் புதைத்துவிட்டால், பின்னிருக்கையில் பலர் பெல்ட் அணிவதையே விட்டுவிடுகின்றனர்.

மூன்றாவது அதிர்வு. லாரியில் உள்ளதைப் போன்ற பட்டை ஸ்பிரிங் பின்புறம் உள்ள வண்டிகள், பாரமின்றி ஓடும்போது மிகுதியாகக் குலுக்கும். பின்சக்கரத்தின் மேல் அமையும் கடைசி வரிசையைத் தவிர்க்கவும். முன்னிருக்கையில் குலுக்கல் குறைவு. ஆயினும் அதை இயன்றவரை பின்னே தள்ளி, காற்றுப்பைக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி விட வேண்டும். சோதனை ஓட்டத்தை நான்குவழிச் சாலையில் மட்டும் முடித்துவிடாமல், உங்கள் ஊர்ச் சாலையின் வேகத்தடைகள் மீதும் ஓட்டிப் பாருங்கள். டயரில் காற்று, ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அளவுக்கு மேல் இருந்தால், நல்ல காரும் குலுக்கும்.

எந்தக் காராயினும் ஓர் எல்லை உண்டு. சிறு மோதலே ஆனாலும், வெளிக்காயம் இல்லாவிடினும், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வயிற்று வலி, உதிரப்போக்கு, நீர் வடிதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் சிறிதும் தாமதிக்கலாகாது.