கேட்க வழி கேட்டவரைக் கூட்டத்திலிருந்து நீக்குவதா?

மைசூர் விஜயநகரில் இருக்கும் ஓர் அலுவலகம் தன் ஊழியர் ஒருவருக்கு அனுப்பிய பதில் நான்கே வரி. அவர் எழுதிய கடிதம் இரண்டு பக்கம். கூட்டத்தில் பேசப்படுவது தன் காதில் தெளிவாக விழ வழி செய்யுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். இனி கூட்டங்களுக்கு வரத் தேவையில்லை, தொலைபேசிப் பொறுப்பும் வேறொருவருக்கு மாற்றப்படுகிறது, மற்றபடி சலுகை வேண்டுமானால் 40 சதவீத ஊனச் சான்றிதழோடு வாருங்கள் என்று மேலாளர் கையெழுத்திட்டிருக்கிறார். இந்த முடிவை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

அவர் கேட்டவை இவைதான். கூட்டத்தில் பேசப்போகும் விஷயங்களின் குறிப்பு முந்தைய நாளே கையில் கிடைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். பேசுபவர்களின் முகம் தெரியும்படி, ஜன்னல் வெளிச்சம் தனக்குப் பின்னால் இருக்கும்படி ஓர் இருக்கை வேண்டும். காணொளிக் கூட்டமானால் பேச்சு திரையில் எழுத்தாக ஓட வேண்டும். தொலைபேசியில் சொல்லப்படும் தொகை, தேதி, கணக்கு எண் ஆகியவற்றை உடனே மின்னஞ்சலிலும் உறுதிசெய்ய வேண்டும். முக்கியமான அழைப்புகளைப் பேச அமைதியான ஓர் அறை வேண்டும். இதில் பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கை ஒன்றைக்கூட நம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் அவர் காது மெஷின் அணிந்திருப்பவர். "மெஷின்தான் இருக்கிறதே, பிறகென்ன?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டதாகவும் தெரிகிறது. இந்தக் கேள்வியில்தான் மொத்தக் கோளாறும் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாவதைப் போல, காது மெஷின் போட்டதும் பேச்சு தெளிவாகிவிடுவதில்லை. மெஷின் ஒலியைப் பெருக்கித் தருகிறது. உட்செவியில் சேதமான உணர்செல்களை அது சரிசெய்வதில்லை. அறையில் சுற்றும் மின்விசிறியின் இரைச்சலும் குளிர்சாதனத்தின் முனகலும் நாற்காலி இழுபடும் ஓசையும் பேச்சோடு சேர்ந்தே பெருகுகின்றன. நவீன மெஷின்கள் இரைச்சலைக் கொஞ்சம் அடக்கப் பார்க்கின்றன. ஆனால் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எது பேச்சு, எது இரைச்சல் என்று அவற்றாலும் பிரிக்க முடிவதில்லை.

நடுவயதில் பலருக்கு வரும் செவிக்குறை எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்கும். கூர்மையான உயர் ஒலிகள்தான் முதலில் போகும். உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த பக்கம் இருக்கிறது. ஒரு மெய்யை இன்னொரு மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் சிறு ஒலிகள் பலவும் மேல்பக்கம் இருக்கின்றன. அதனால் இவர்களுக்குப் பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன சொன்னார்கள் என்பது பிடிபடுவதில்லை. கடை, தடை, படை என்ற மூன்றும் ஒரே சொல்லாகக் காதில் விழும். கன்னடத்தில் நடக்கும் கூட்டத்தில் 'கடெ', 'தடெ' என்ற சொற்களுக்கும் இதே கதிதான். பேசுபவரின் முகம் தெரிந்தால், 'படை' என்னும்போது உதடு மூடித் திறப்பதைக் கண்டு அந்த ஒன்றையாவது பிரித்துவிடலாம். இருக்கையும் வெளிச்சமும் கேட்டது இதற்காகத்தான். எதிரே இருப்பவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அவர் முகம் நிழலாகிவிடும், உதடு தெரியாது. உரக்கப் பேசினால் போதும் என்பதும் தவறான எண்ணம். கத்தும்போது உயிரெழுத்துகள்தான் ஓங்குகின்றன, மெய்கள் அவற்றுக்குள் அமுங்கிப்போகின்றன.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. திறந்த வெளியில், தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், நான்கு மீட்டர் நீள மேசையின் மறுமுனைக்கு வரும்போது அது 48 ஆகிவிடும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அளவு அந்த அளவுக்கு விழாது. ஆனால் திரும்பி வரும் எதிரொலி சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழப்பிவிடும். மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓடும் அறையில் இரைச்சலே 45 டெசிபலைத் தாண்டிவிடக்கூடும். நல்ல காது உள்ளவருக்கு இந்தச் சிறு இடைவெளி போதும். செவிக்குறை உள்ளவருக்குப் போதாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் விடுபட்ட பாதியை ஊகித்து நிரப்பிக்கொண்டே அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்து எழுபவரின் களைப்பை, பிற்பகல் முழுதும் அவர் முகம் சொல்லும்.

தொலைபேசியில் உதடும் இல்லை, முகமும் இல்லை. போதாததற்கு, பழைய வகை இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கொண்டுசெல்லும். அதற்கு மேலே இருக்கும் 'ஸ', 'ஃப' போன்றவற்றின் கூர்மை கம்பியிலேயே தங்கிவிடும். பதினைந்தாயிரமா ஐம்பதாயிரமா என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது நல்ல காதே தடுமாறுகிறது. தொகையை மின்னஞ்சலில் உறுதிசெய்யுங்கள் என்று அவர் கேட்டது தனக்காக மட்டுமல்ல. கணக்கில் பிழை வந்தால் நஷ்டம் அலுவலகத்துக்கும்தான்.

இத்தனையும் எழுதிக் கொடுத்தவரிடம் கூட்டத்துக்கு வராதே என்கிறார்கள். நம்மைக் கோபப்படுத்துவது இதுதான். அலுவலகக் கூட்டம் வெறும் பேச்சு அல்ல. யாருக்கு எந்த வேலை, யார் யாரோடு போவது, வரும் ஆண்டில் எவர் எந்த இடத்தில் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது. அங்கே இல்லாதவர் இரண்டு மாதத்தில் செய்தி தெரியாதவர் ஆவார், ஆறு மாதத்தில் பொறுப்பு இல்லாதவர் ஆவார். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது, இவருக்கு முன்னனுபவம் போதவில்லை என்று அதே மேலாளர் எழுதுவார். அந்த அனுபவத்தைப் பறித்தது தன் நான்கு வரிதான் என்பது அப்போது எவருக்கும் நினைவிருக்காது. இப்படி ஒதுக்குவதற்குச் சிரமக் குறைப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் சிரமத்தைக் குறைக்கச் சொன்னார். இவர்கள் அவரையே குறைத்துவிட்டார்கள்.

இந்த நிர்வாகம் இப்படிச் செய்வது முதல் முறையும் அல்ல. மின்தூக்கி பழுதாகிக் கிடந்த மாதங்களில், காலில் குறையுள்ள ஊழியர் ஒருவர் மூன்றாம் மாடி ஏற முடியவில்லை என்றபோது, அவரைக் கீழ்த்தளச் சரக்கு அறைக்கு மாற்றினார்கள். மின்தூக்கி ஓடத் தொடங்கிய பிறகும் அவர் மேலே திரும்பவில்லை; அவருடைய மேசை வேறொருவருக்குப் போயிருந்தது. கண்ணாடிச் சுவரும் வழவழப்பான தரையுமாகப் புதிய கூட்ட அறையைக் கட்டியபோது, பேச்சு முழுக்க எதிரொலிக்கிறது என்று காது நன்றாகக் கேட்பவர்களே முறையிட்டார்கள். திரைச்சீலையும் தரைவிரிப்பும் போட்டாலே எதிரொலி கணிசமாகக் குறையும். பழகிவிடும் என்றார்கள். இன்றைய கடிதத்தின் பாதி அந்த அறையில்தான் பிறந்தது. எந்தக் குறை வந்தாலும் குறை சொன்னவரை நகர்த்துவதுதான் இவர்கள் அறிந்த ஒரே தீர்வு.

இனி அந்த 40 சதவீதம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை கேட்கும் திறன் இழந்தவரைச் செவிக்குறை உள்ளவர் என்றும், 70 டெசிபலும் அதற்கு மேலும் இழந்தவரைக் காது கேளாதவர் என்றும் அட்டவணையில் வகுத்திருக்கிறது. 40 சதவீதம் என்ற வரம்பு இடஒதுக்கீடு போன்ற தனிச் சலுகைகளுக்கானது. ஊனமுற்றவர் என்பதற்கு அதே சட்டம் தரும் பொது விளக்கத்தில் சதவீதமே இல்லை. நீண்டகாலக் குறையும் சூழலின் தடைகளும் சேர்ந்து ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாக இயங்கவிடாமல் தடுக்கின்றனவா என்பதே அங்கே அளவுகோல். இதைத்தான் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் அவருக்கு. 40 சதவீத வரம்புக்குள் வரவில்லை என்று குடிமைப்பணித் தேர்வில் அவருக்கு எழுத்தர் மறுக்கப்பட்டார். அந்த வரம்பைக் காட்டி நியாயமான வசதியை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு காதிலும் 50 டெசிபல் இழந்தவருக்குச் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். அதற்காகக் கூட்ட அறையில் அவருக்கு எல்லாம் கேட்கும் என்று ஆகிவிடாது.

அந்த வழக்கு அரசுத் தேர்வாணையத்தின் மீதானது, நாங்கள் தனியார் என்று நிர்வாகம் வாதிடக்கூடும். வேலையில் நியாயமான வசதி செய்து தரும் கடமையைச் சட்டம் நேரடியாகச் சுமத்துவது அரசு நிறுவனங்கள் மீதே என்பது உண்மைதான். ஆனால் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதன் நகலை ஆணையரிடம் பதிவுசெய்ய வேண்டும் என்ற 21ஆம் பிரிவு தனியாருக்கும் பொருந்தும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், ஊனமுற்ற ஊழியர்களுக்கு என்னென்ன வசதி உண்டு என்பதை அந்தக் கொள்கையில் எழுத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த அலுவலகத்தின் கொள்கை எங்கே? கடிதத்துக்கான பதிலில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரைதான். இந்தத் தொகைக்கு எந்த நிர்வாகமும் பயப்படப்போவதில்லை என்பது நமக்கும் தெரியும்.

காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி 2023 செப்டம்பரில் சைகைமொழி பெயர்ப்பாளர் உதவியோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர் தொழில் செய்வது நம் பெங்களூரில். நாட்டின் தலைமை நீதிமன்றமே ஒருவருக்காகத் தன் நடைமுறையை மாற்றிக்கொள்ள முடிந்திருக்கிறது. பத்துப் பேர் கூடும் வாராந்தரக் கூட்டத்தால் முடியாதா? கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தூரம் போக வேண்டியதில்லை. 1965 முதல் காதையும் பேச்சையும் மட்டுமே ஆராய்ந்துவரும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் பக்கத்திலேயே, மானஸகங்கோத்ரியில் இருக்கிறது. நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் காது பரிசோதனைக்காக மைசூருக்கு வருகிறார்கள். அங்கிருக்கும் ஒரு செவியியல் நிபுணரிடம் அரை மணி நேரம் பேசியிருந்தால், இந்த நான்கு வரிப் பதில் வந்திருக்காது. ஒருவரையும் கேட்காமல், பாதிக்கப்பட்டவரையும் அழைத்துப் பேசாமல், மூடிய கதவுக்குள் முடிவெடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பதில் திரும்பப் பெறப்பட வேண்டும். கடிதத்தை முதலிலிருந்து மறுபடியும் படித்து, எழுதியவரை எதிரில் உட்காரவைத்துப் பேசி, எதை உடனே செய்யலாம், எதற்குக் காலம் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து ஒரு வழி காண வேண்டும். மேலாளரால் இயலாதென்றால் அவருக்கு மேலே இருப்பவர்கள் தலையிட வேண்டும். திங்கள்கிழமை காலை அந்தக் கண்ணாடி அறையில் அடுத்த கூட்டம். அவர் இருக்கை இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டோம். இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை.